தானக் குடையின் விலை

கீரனூர் கடைத்தெருவில் குடைக்கடை செங்கமலம் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவள் புருசன் தங்கமுத்து எனக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா மகன். செங்கமலம் கொடும்பாளூர்ப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பனும் என் மாமனாரும் ஒரே கிணற்றில் முறை வைத்து இறைத்தவர்கள். கல்யாணமாகி வந்த வருசத்திலேயே புருசனோடு கடையில் உட்கார்ந்துவிட்டாள்.

குடை வியாபாரம் பார்க்கத்தான் சுலபம். விற்பது ஐப்பசி, கார்த்திகையில். வாங்குவதோ மாசியில். அப்போது திருச்சி மொத்தக்கடைக்காரனுக்கும் சரக்குத் தேங்கிக் கிடக்கும், விலையை இறக்கிக் கொடுப்பான். அப்படி நூற்று நாற்பதுக்கு வாங்கிய நீளக் கறுப்புக் குடையை ஐப்பசியில் இருநூற்று இருபதுக்கு விற்பான் தங்கமுத்து. பார்க்கிறவனுக்கு அது கொள்ளை லாபம். நடுவில் எட்டு மாதம் பணம் பரணில் முடங்கிக் கிடக்கிறது, வட்டி ஓடுகிறது, கம்பி துருப்பிடிக்கிறது. அதெல்லாம் யார் கண்ணிலும் படாது.

ஒரு தை மாதம், மிஞ்சிய குடைகளை நூற்று அறுபதுக்குக் கொடுத்துவிடலாம் என்று செங்கமலம்தான் பிடிவாதம் பிடித்தாள். கொடுத்தார்கள், காசும் வந்தது. ஆனால் அடுத்த ஐப்பசியில் வந்த ஒவ்வொருத்தியும், "என்னக்கா, தையில நூத்தி அறுவதுன்னீங்க, இப்ப மழைக்கு மானம் கறுத்ததும் வெல ஏறிருச்சா?" என்று கேட்டாள். அந்த வருசம் பழைய விலைக்கு ஏற முடியவே இல்லை. தங்கமுத்து அவளைத் திட்டவில்லை. "ஊரு எதையும் மறக்கும் செங்கமலம், கொறைச்ச வெலைய மட்டும் மறக்காது" என்றான். அவ்வளவுதான்.

அவன் கடையில் வருசம் முழுக்க விலை மாறாத குடை ஒன்றே ஒன்றுதான். கருமாதிக்குத் தானம் கொடுக்கிற குடை. மொட்டை போட்டவன் வந்து நின்றால் பேரம் பேச மாட்டான். இருநூற்று இருபது என்றாலும் எடுத்து நீட்டிவிட்டுப் போவான். அதனாலேயே தங்கமுத்து அதற்கு நூற்று ஐம்பதுக்கு மேல் வாங்கியதில்லை. திருச்சியில் கொடுத்த விலையும் மூட்டைக் கூலியும், அதோடு சரி.

போன வருசத்துக்கு முந்தின வருசம் மழை பொய்த்தது. ஐப்பசியும் போச்சு, கார்த்திகையும் போச்சு. பரண் நிறையக் குடை. மார்கழியில் ஒரு விடியற்காலை, கடைக்குக் கிளம்பி வேட்டி கட்டிக்கொண்டிருந்த தங்கமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

கருமாதியன்று தானத்துக்குக் குடை வேண்டுமே. அவன் தம்பி அய்யப்பன் கடைக்குப் போய் ஒரு குடையை எடுத்து வந்தான். செங்கமலம் முந்தானையிலிருந்து நூற்று ஐம்பது ரூபாயை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"கல்லாவுல போட்டுட்டு வாங்க."

"நம்ம கடைக் கொடைதானே மதினி?"

"கடைக் கொடைதான். சும்மா எடுத்தா அது தானமாகாது. ஒங்கண்ணன் விடமாட்டாரு."

அய்யப்பன் போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

மறுவாரமே அவள் கடையைத் திறந்தாள். தாலி கழற்றின சூடு ஆறவில்லை, கடைக்கு வந்துட்டா என்று ஊர் பேசியது. அவளுக்கு வேறு கவலை. கடைக்கட்டடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. செல்போன் கடைக்காரன் ஒருவன் நல்ல வாடகையும் முன்பணமும் தருவதாக அய்யப்பனிடம் சொல்லியிருந்தான். அய்யப்பன் கெட்டவன் அல்ல. பரணைப் பார்த்துப் பயந்துபோனவன்.

"பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல விக்கிறவன் நூத்திப் பத்துக்கு மொத்தமா எடுத்துக்கிறேங்கிறான். தள்ளிவிட்டுட்டு ஏறக்கட்டுவோம் மதினி."

"அவன் அதை எங்க வச்சு விப்பான்?"

"இங்கதான், பஸ் ஸ்டாண்டுல."

"நம்ம கொடையவே நம்ம தெருவுல நூத்தி அம்பதுன்னு கூவுவான். பெறகு எந்த ஐப்பசியில யாரு இந்தக் கடைப் படியேறுவா கொழுந்தனாரே? ஒரு தடவ பட்டுட்டேன்."

அய்யப்பன் யோசித்தான். "சரி. வர்ற கார்த்திகை வரைக்கும் பாருங்க. அப்பவும் பரண் நெறஞ்சு கெடந்தா நான் செல்போன்காரன்கிட்ட சாவியக் குடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

செங்கமலம் பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிப் பிரித்தாள். பட்டனை அமுக்கினால் விரிகிற மடக்குக் குடைகள் ஒரு பக்கம். அவற்றின் உள்பூச்சு வெக்கையில் ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கும் தளரும், அடுத்த மழை வரை தாங்காது. அவற்றை மூட்டை கட்டி மணமேல்குடிக்கு அனுப்பினாள். அங்கே அவள் அக்கா மகள் செல்வராணி சந்தையில் கடை போடுகிறாள். வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கிற பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். வாங்கின விலைக்கும் கீழேதான். ஆனால் அந்த விலை கீரனூர்க் காதுக்கு எட்டவில்லை.

வெளிர் நிறக் குடைகளைச் சித்திரை வெயிலுக்கு வைத்துக்கொண்டாள். திருவிழாவுக்குப் போகிறவர்கள், நூறுநாள் வேலைக்காரர்கள் என்று நூற்றுத் தொண்ணூறுக்கு நிதானமாகப் போயின. அந்தப் பணத்தில் வட்டியை அடைத்தாள்.

மிஞ்சியவை நீளக் கறுப்புக் குடைகள். பார்த்துக்கொண்டால் கெடாதவை. அமாவாசைக்கு அமாவாசை ஒவ்வொன்றையும் விரித்து, கம்பிக்குத் தையல் மிசின் எண்ணெய் தடவி, நிழலில் ஆற வைத்து மடக்குவாள். அன்றைக்குக் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. எதிர் டீக்கடை ராமு, "என்னத்தா, ஊருக்குப் பெய்யாத மழ ஒங் கடைக்குள்ள மட்டும் பெய்யுதா?" என்பான்.

"ஆமாண்ணே. நனையாம ஒரு டீ கொண்டாங்க" என்பாள். சிரிக்க மாட்டாள். விரித்த குடைகளுக்கு நடுவே அவள் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பாள்.

ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்தே கிடந்தது. அய்யப்பன் கடைக்கு வருவதும் பரணைப் பார்ப்பதும் போவதுமாக இருந்தான். ஐப்பசி கடைசியில் ஒரு சாயங்காலம் பிடித்த மழை, கார்த்திகை பிறந்தும் விடவில்லை. திருச்சி மொத்தக்கடையில் விலை நூற்று எண்பதுக்குப் போய்விட்டது, கறுப்புக் குடை கிடைக்கவும் இல்லை. மற்ற கடைகளில் இருநூற்று எழுபது. செங்கமலம் இருநூற்று நாற்பது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்.

"நாமளும் எழுவது வைக்கலாமே மதினி, கேக்குறதுக்கு ஆளில்லை" என்றான் கையுதவிக்கு நின்ற அய்யப்பன்.

"மழ நின்னப்பெறகு கேப்பாக."

கூட்டம் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. அதற்குள் புகுந்து ஒருவன் வந்தான். மொட்டைத் தலையில் துண்டு, மீசை இல்லை. "ஒரு கறுப்புக் கொடை" என்று இருநூற்று நாற்பதை நீட்டினான். செங்கமலம் ஒரு குடையை விரித்துப் பார்த்து, மடக்கி அவன் கையில் கொடுத்து, தொண்ணூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாள்.

பக்கத்தில் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது? அவருக்கு நூத்தம்பது, எனக்கு எரநூத்தி நாப்பதா? எனக்கும் அந்த வெலைக்கே குடுங்க."

செங்கமலம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த வெல ஒங்களுக்கு வேண்டாம்ங்க."

அவர் அப்போதுதான் மொட்டைத் தலையைக் கவனித்தார். இருநூற்று நாற்பதை எடுத்து வைத்தார். அய்யப்பன் சுவர்ப்பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கார்த்திகை முடியும் முன்னே பரண் காலி. ஏணியில் ஏறிப் பார்த்த அய்யப்பன் அங்கிருந்தே கேட்டான்.

"மதினி, மாசியில திருச்சிக்கு என்னைக்குப் போகணும்?"

"போவோம். கல்லாவுக்குக் கீழ நாலு கொடை ஒதுக்கி வச்சுருக்கேன், அத எடுத்துறாதீக" என்றாள் அவள். "மாசிக்குள்ள யாராச்சும் மொட்டத் தலையோட வருவாக."