ஆறா, எட்டா?

செங்கல்பட்டில் விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கிற நாட்களில் ரூத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'ரஃப் ஷீட்'. 'கீ' என்கிற விடைக்குறிப்பைக் கையில் கொடுத்ததும் எல்லாரும் சிவப்புப் பேனாவைத் திறப்பார்கள். ரூத் மட்டும் அந்தக் குறிப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வினாத்தாளை எடுத்து ஒவ்வொரு கேள்வியையும் முதலில் தானே போட்டுப் பார்ப்பார். மற்றவர்கள் ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தி முடிக்கும்போது இவர் முதல் தாளையே தொட்டிருக்க மாட்டார். "இன்னா ரூத், பரீட்சை எழுத வந்தியா, திருத்த வந்தியா?" என்று யாராவது சீண்டினால், "ரெண்டுந்தான்" என்று சிரித்துவிட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

அந்தச் சிரிப்பை அனு பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப்பட்டினத்துக்காரி. மாமல்லபுரம் சாலையில் இருக்கும் தனியார் கல்லூரியில் ரூத்தோடு கணினித்துறையில் வேலை பார்ப்பவள். முகாமுக்கு வருவது இதுதான் முதல் தடவை. ரூத்துக்கோ பதினொன்றாவது வருடம். படாளத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்த பொன்னியின் மூத்த மகள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பதினொரு வருடமும் தற்காலிக விரிவுரையாளர்தான். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக விண்ணப்பம் போட்டு, புதிதாகச் சேர வேண்டும். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் மேலிடத்தில் வாய் திறக்க மாட்டார்கள். அனுவும் அந்த ரகம்தான். அதை மறைக்க அவள் முயன்றதும் இல்லை.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அனு தன் காலைக் கட்டை முடித்து நூல் போட்டுக் கட்டிவிட்டாள். அதில் ஒரு தாள் மட்டும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. எழுபத்தைந்துக்கு முப்பது எடுத்தால் தேர்ச்சி. அந்தத் தாளுக்கு இருபத்தெட்டு வந்திருந்தது. கூட்டலை மூன்று முறை சரிபார்த்தாள். கருணை மதிப்பெண் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். என்ன செய்ய? அப்படியே கட்டிவிட்டாள்.

"அனு," ரூத் குனிந்து மெதுவாகக் கேட்டார், "பதினேழாவது கேள்வி. இன்செர்ஷன் சார்ட்டுல கம்பாரிசன் எத்தினின்னு போட்டுகிற?"

கலைந்து கிடக்கும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் ஒரு முறை அது; அடுக்கி முடிக்க எத்தனை ஒப்பீடு என்பதுதான் கேள்வி.

"ஆறுக்கா. கீயில அப்டிதானே கீது."

"எனக்கு எட்டு வருது."

அனு தன் கட்டைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இருபத்தெட்டுத் தாளிலும் எட்டு என்றுதான் எழுதியிருந்தது. அதை அடித்து இரண்டு மதிப்பெண் கழித்தது அவள் கைதான்.

ரூத் எழுந்து நேராக சீஃபின் மேசைக்குப் போனார். சீஃப் என்றால் அந்த அறையில் திருத்துபவர்களுக்கெல்லாம் தலைவர், பெயர் காசிநாதன். நல்ல மனிதர், ஆனால் பசி நேரத்தில் கொஞ்சம் கடுகடுப்பார். அனுவும் பின்னாலேயே போய் நின்றாள்.

"கீ தப்பா? யூனிவர்சிட்டி குடுத்தது தப்பு, நீ போட்டது ரைட்டா?" என்றார் காசிநாதன்.

"நான் போட்டதை வுடுங்க சார். நீங்களே போட்டுப் பாருங்க."

ரூத் வெள்ளைத்தாளை ஐந்தாகக் கிழித்து, கேள்வியில் இருந்த எண்களை எழுதினார்: 40, 20, 50, 10, 30. அதே வரிசையில் மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "பக்கத்துப் பக்கத்துல கீற ரெண்டை நிமித்திப் பாருங்க. சின்னது வலப்பக்கம் இருந்தா மாத்துங்க. மாத்தினதை இன்னும் இடப்பக்கம் கீறதோட பாருங்க. அனு, சார் ஒரு தபா பாத்தா ஒரு கோடு. மாத்தினா தனியா ஒரு புள்ளி."

காசிநாதன் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். 20-ஐயும் 40-ஐயும் பார்த்தார், மாற்றினார். ஒரு கோடு, ஒரு புள்ளி. அடுத்து 50-ஐ நிமிர்த்தி 40-ஓடு பார்த்தார். அது இருந்த இடமே சரி. கவிழ்த்துவிட்டு 10-க்குக் கையை நீட்டினார்.

"கோடு போடு அனு," என்றார் ரூத்.

"அது நகரவே இல்லியேம்மா!"

"நகரத் தேவையில்லன்னு உங்களுக்கு எப்டி சார் தெரிஞ்சுது? கவுந்து கெடந்ததை நிமித்திப் பாத்தீங்கல்ல? அந்தப் பார்வைதான் சார் கம்பாரிசன்."

காசிநாதனின் கைகள் நிதானமாயின. 10 வந்து 50, 40, 20 மூன்றையும் தாண்டி முன்னால் போனது: மூன்று கோடு, மூன்று புள்ளி. 30 வந்து 50-ஐயும் 40-ஐயும் தாண்டியது. 20-ஐப் பார்த்ததும் நின்றது. மூன்று கோடு, இரண்டே புள்ளி. அனு எண்ணிச் சொன்னாள். கோடு எட்டு. புள்ளி ஆறு.

"மாத்துனது ஆறு, அதைக் கீயில சரியாத்தான் போட்டுகிறாங்க," என்றார் ரூத். "ஆனா பாத்துட்டு சும்மா வுட்ட ரெண்டு தபாவை எண்ணவே இல்ல. இதே கீயில கீழ செலக்‌ஷன் சார்ட்டைப் பாருங்க சார். இருக்கறதுலயே சின்னதைத் தேடி முன்னால போடறதுக்கு நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு பத்து கம்பாரிசன். மாத்துனது ரெண்டே தபா. அங்க சும்மா பாத்ததையும் சேத்துதானே பத்துன்னு போட்டுகிறாங்க? இங்க மட்டும் ஏன் சார் வுடணும்?"

இவ்வளவையும் ரூத் குரல் உயர்த்தாமல் சொன்னார். அனுவுக்கு அந்த இடத்திலேயே கைதட்ட வேண்டும்போல இருந்தது. அடுத்த ஜூனுக்கு விண்ணப்பம் போட வேண்டிய ஆள் பேசுகிற பேச்சா இது!

காசிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது, விளங்கியதுதான் தொல்லை. கட்டிய கட்டுகளையெல்லாம் பிரிக்க வேண்டும், முகாம் முழுவதற்கும் பொறுப்பான சேர்மனுக்குப் போன் போட வேண்டும், மதியக் கட்டு தள்ளிப்போகும். அறையைப் பார்த்துக் கேட்டார்: "ரூத்துக்கு மட்டுந்தான் இது தெரிஞ்சுதா? வேற யாரு கட்டுலயாவது எட்டுன்னு எழுதினவங்க இருக்காங்களா?"

எல்லாரும் குனிந்து பேனாவைப் பார்த்தார்கள். பிரிப்பது என்றால் சாயங்கால பஸ் போய்விடும்.

"என் கட்டுல கீது சார்," என்றாள் அனு. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "இருபத்தெட்டு வாங்கி ஃபெயில். நான்தான் அடிச்சேன்."

காசிநாதன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். சேர்மனிடம் அவர் அந்த ஐந்து துண்டுத்தாளின் கதையை ஆதியோடந்தம் சொல்வது உள்ளே கேட்டது. ஒவ்வொரு கோட்டையும் சொன்னார். அரைமணி கழித்து வந்தார். "எட்டுதான் சரி. எல்லாரும் பிரிங்க," என்றார். முணுமுணுப்பு எழுந்தது. ஒருத்தர் ரூத்தை முறைத்தார். ரூத் அதற்குள் தன் ரஃப் ஷீட்டில் பதினெட்டாவது கேள்வியைப் போட ஆரம்பித்திருந்தார்.

அனு நூலை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்தாள். யாரென்று தெரியாது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாற்று எண் மட்டும். கையெழுத்து அழகாகக்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு படிக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டு எண்ணியிருந்தது. 50 வருகிற இடத்தில், 'ஒப்பிட்டேன், மாற்றவில்லை' என்றே எழுதியிருந்தது. அந்த வார்த்தைகளின் மேலேயே அனுவின் சிவப்புக் கோடு ஓடியிருந்தது.

இருபத்தெட்டை அடித்து முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதிப்பெண் மாறினால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. சுற்றிலும் எல்லாரும் 'விடைக்குறிப்பில் பிழை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அனுவும் 'வி' வரை எழுதினாள். அதை அடித்துவிட்டு எழுதினாள்: 'நான் போட்டுப் பார்க்கவில்லை.'