கீ பிடி

எங்கள் தொழிற்சாலைக் குழுவில் அதுவரை நான் போட்டதிலேயே நீளமான வாட்ஸ்அப் செய்தி அதுதான். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் என் மேசையில் உட்கார்ந்து, எழுதி, அழித்து, திரும்ப எழுதினேன். பதினெட்டு வருடமாக ஓசூரில் வேலை பார்க்கிறேன். ஒருவரோடு ஒத்துப்போகாததைச் சொல்ல இவ்வளவு யோசித்தது அன்றுதான்.

அன்று காலை, பராமரிப்புப் பிரிவின் பொறியாளர் எங்கள் குழுவில் ஒரு யோசனை போட்டிருந்தார். தகட்டை டை என்ற அச்சில் வைத்து அழுத்தும் பெரிய பிரஸ்ஸைக் கர்ட்டன் சும்மா சும்மா நிறுத்துகிறது. கர்ட்டன் என்றால் துணி இல்லை. இயந்திரத்தின் வாய்க்கு இரு பக்கமும் நிற்கும் இரண்டு கம்பங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் ஓடும். கை குறுக்கே போனால் பிரஸ் இறங்காது. அந்தக் கதிர் இப்போது கை போகாமலேயே அறுந்து அறுந்து பிரஸ்ஸை நிறுத்தியது. புது சென்சார் புனேயிலிருந்து வர வேண்டும். லோடு போக வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. அதுவரை ஓவர்ரைடு சாவியை ஒரு ஆள் திருப்பிப் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் பிரஸ் ஓட்டட்டும் என்பது அவர் யோசனை. அந்தச் சாவி திருப்பிப் பிடித்திருக்கும் வரைதான் கர்ட்டனைச் செயலிழக்க வைக்கும். விட்டால் தானாகத் திரும்பிவிடும்.

அவர் கெட்டவர் அல்ல. ஆனேக்கல் பக்கத்தில் கன்னட வழியில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுதத் தெரியாது. போனில் பேசினால் அது தமிழில் எழுதிக் கொடுக்கும், அதைத்தான் போடுவார். என் மகளுக்கு டெங்கு வந்தபோது ரத்தம் கொடுக்க முதலில் வந்து நின்றவர் அவர். அதனால்தான் அவ்வளவு எழுதி எழுதி அழித்தேன்.

கடைசியில் போட்டது இதுதான்:

"சார் சொல்லும் பிரச்சினை உண்மை. கர்ட்டன் காரணமில்லாமல் பிரஸ்ஸை நிறுத்துகிறது, லோடும் போக வேண்டும். ஆனால் சாவி வேண்டாம் என்பது என் கருத்து. சாவி பிடிப்பவர் நிற்கும் இடத்திலிருந்து டையின் இடது பக்கம் கம்பத்தால் மறைந்துவிடும். ஓட்டுபவரின் கை உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. மாற்று: ஒன்று, கதிர்க் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிந்திருக்கிறதா, பிராக்கெட் ஆடுகிறதா என்று பார்க்கலாம். இரண்டு, இந்த டையைப் பக்கத்துப் பிரஸ்ஸில் ஏற்றலாம், அங்கே கர்ட்டன் நன்றாக இருக்கிறது. ஏற்ற அரை ஷிஃப்ட் ஆகும். முதல் பீஸை நானே நின்று பார்த்துத் தருகிறேன், தாமதமாகாது. மூன்று, பாதி லோடை முதலில் அனுப்ப வாடிக்கையாளரிடம் நான் பேசுகிறேன். நான் சொல்வதில் தவறிருந்தால் சார் திருத்தவும்."

முதலில் எழுதியதில் இன்னொரு வரி இருந்தது. என் மகள் கிருஷ்ணகிரியில் இன்ஜினியரிங் படிக்கிறாள், அடுத்த மாதம் பயிற்சிக்கு இதே பிரஸ் ஷாப்புக்கு வருகிறாள் என்று. அதை எடுத்துவிட்டேன். அவர் யோசனையை எடைபோட என் பயம் எதற்கு என்று தோன்றியது.

உற்பத்திப் பிரிவின் மேலாளர் முதலில் பதில் போட்டார்: "மேடம் பேசினா சென்சாரே பயந்து ஒழுங்கா ஓடிடும்." கீழே நாலு சிரிப்பு முகங்கள். நான் கோபப்படவில்லை. "ஓடினா சந்தோஷம் சார், கண்ணாடியை மட்டும் தொடச்சுப் பாருங்க" என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் பராமரிப்பு சார் எனக்கு போன் செய்தார்.

"மேடம், அந்த லெஃப்ட் சைடு நான் யோசனை பண்ணலே. அங்க நின்னு பாத்தேன் இப்போ. ஆமா, ஒண்ணுமே காணலே."

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் பாக்குற இடத்துல சொல்லிட்டேன்."

"ஐயோ, என்ன மேடம் நீங்க. எல்லாரும் பாக்குற இடத்துலயே நானும் சொல்றேன் பாருங்க."

சொன்னபடியே செய்தார். குழுவில் அவர் செய்தி வந்தது: "மேடம் சொல்றது கரெக்ட். கீ பிடி."

நான் படித்ததும் புரிந்துகொண்டேன். கன்னடத்தில் அவர் நாக்கில் வரும் 'bidi' என்ற சொல் அது. விடுங்கள், அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். தமிழில் அந்த 'b' ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது, போன் அதைப் 'பிடி' என்று எழுதிவிட்டது. இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷை வந்தாலும் யாரும் நின்று யோசிப்பதில்லை. நன்றி சொல்லும் விதமாகக் கீழே இரு கை கூப்பும் படம் போட்டேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. தள்ளிவைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

இரண்டாம் ஷிஃப்டின் லைன் லீடர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஷிஃப்ட் தொடங்கும்போது குழுவைத் திறந்திருக்கிறார். என் நீளமான செய்தி மடிந்து, முதல் இரண்டு வரி மட்டும் தெரிந்தது: பிரச்சினை உண்மை, லோடு போக வேண்டும். அதன் கீழே மேலாளரின் கிண்டலும் என் பதிலும். அதன் கீழே, மேடம் சொல்றது கரெக்ட், கீ பிடி. அதன் கீழே என் கைகூப்பு. சாவியும் காலையிலேயே லைன் லீடரின் மேசைக்கு வந்துவிட்டிருந்தது. யோசனையை விட்ட பிறகு அதை யாரும் திரும்ப வாங்கவில்லை.

அவர் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிரஸ் ஓட்டியது பேரிகையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண். என்னை அக்கா என்று கூப்பிடுவாள், அவளுக்கு யூகேஜி படிக்கும் மகன். ஒரு தகடு டைக்குள் கோணலாக உட்கார்ந்தது. அதை நேராக்க இடது கையை உள்ளே விட்டாள். கர்ட்டன் இருக்கிறது என்ற பழக்கம். பெடலில் இருந்த கால் அழுந்திவிட்டது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு அவள் கை தெரியவில்லை.

இரண்டு விரல்கள் போய்விட்டன.

சாயங்கால டீ வந்த நேரம். சத்தம் கேட்டு நான் போனபோது அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். லைன் லீடர் மட்டும் இன்னும் சாவியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பிடின்னுதானே மேடம் போட்டிருந்தாவ," என்றார். "நீங்களும் கும்புட்டிருந்தீய. பிடின்னா பிடிக்கத்தானே செய்யணும்?"

அவர் போனை வாங்கி அந்த வரியைப் பார்த்தேன். அவருடைய கண்ணால் படித்தபோது அதில் வேறு அர்த்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அக்கா, அந்த பீஸு ரிஜெக்டா?" என்றுதான். மருந்து மயக்கம் என்று நர்ஸ் சொன்னாள். பிறகு அவளே, "பையன்கிட்ட கதவுல நசுங்கிடுச்சின்னு சொல்லிடுக்கா. மிஷினுன்னா அப்புறம் வேலைக்கே உடமாட்டான்," என்றாள்.

மறுநாள் காலை மேலாளர் குழுவில் எழுதினார்: "லைன் லீடர் அனுமதியில்லாமல் சாவியைப் பயன்படுத்தியுள்ளார். இன்றே வேலையை விட்டு நீக்கலாம் என்பது என் பரிந்துரை. எல்லோருக்கும் சம்மதம்தானே?" அதன் கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக விழுந்தன.

நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். போனில் விரல் சரியாக விழவில்லை. மெத்தென்று தொடங்கி, உடன்படுவதை முதலில் சொல்லி, பிறகு மறுப்புக்கு வருவது என் வழக்கம். அன்று அந்த ஒழுங்கு எனக்குப் பயமாக இருந்தது. முதல் வரியிலேயே எழுதினேன்: "இதற்கு எனக்குச் சம்மதமில்லை சார்." அதற்குப் பிறகுதான் மற்றது: "உங்கள் கோபம் நியாயம், எனக்கும் அதே கோபம்தான். ஆனால் அனுமதி இல்லை என்று அவர் நினைக்கக் காரணமே இல்லை. 'கீ பிடி' என்ற செய்தியை எல்லோரும் ஒரு தடவை தமிழாக மட்டும் படித்துப் பாருங்கள். நேரில் விசாரித்து அவர் சொல்வதைக் கேட்போம், குழுவில் முடிவு செய்ய வேண்டாம். இன்று செய்யக்கூடியது இரண்டு. எல்லா ஓவர்ரைடு சாவியும் பராமரிப்புப் பெட்டியில் பூட்டப்பட வேண்டும். பிரஸ் பற்றிய உத்தரவு குழுவில் வரக் கூடாது, நேரில் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும்."

மேலாளர் உடனே எழுதினார்: "மேடம், வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க."

"சார், அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதையே எழுதுவேன்," என்று போட்டேன்.

பஸ் சூளகிரியைத் தாண்டியது. பிறகு பராமரிப்பு சார் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. இந்த முறை பேசவில்லை, எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டியிருக்கிறார்: "சோன்னது நான். வார்தை என்து. சாவி கோடுத்ததும் நான். அவனை விடுங்க."

'அவனை விடுங்க' என்ற கடைசி வரியை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

கட்டைவிரல்கள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

விசாரணை நடந்தது. லைன் லீடரின் வேலை போகவில்லை. ஆனால் அவர் பிரஸ் பக்கம் வருவதில்லை, ஸ்டோரில் கேட்டு வாங்கிக்கொண்டார். பராமரிப்பு சாருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இப்போது அவர் குழுவில் எதுவும் எழுதுவதில்லை. எதற்கும் நேரில் நடந்து வருகிறார். என்னிடம் பேசும்போது கன்னடம் வந்துவிடுமோ என்று நடுவில் நின்று சொல் தேடுகிறார். அது எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். பிரஸ்ஸில் நிற்க முடியாது, அதனால் என் பிரிவில் அளக்கும் மேசைக்குக் கேட்டு வாங்கினேன். மூன்று விரலால் கேஜைப் பிடிக்கப் பழகிவிட்டாள். நான்தான் இன்னும் பழகவில்லை. மகள் பயிற்சிக்கு எங்கள் கம்பெனிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "வேற கம்பெனியிலயும் பிரஸ்ஸு இருக்குமேம்மா" என்றாள். போகிற இடத்தில் கர்ட்டனை முதலில் கையை நீட்டாமல் ஒரு குச்சியை நீட்டிச் சோதித்துப் பார், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேள் என்று தினமும் சொல்கிறேன். சரிம்மா, சரிம்மா என்கிறாள்.

போன வாரம் அந்தப் பெண் ஒரு தட்டு நிறைய பீஸ்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடது கை சறுக்கியது.

"அக்கா, பிடி, பிடி!" என்று கத்தினாள்.

நான் ஒரு கணம் நின்றுவிட்டேன். தட்டு கீழே விழுந்தது. அவள் சிரித்தாள். "என்னக்கா, பிடின்னா உட்டுட்டியே," என்றபடி குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.