கும்மிடிப்பூண்டி அருகே

எங்க வேலையில "அருகே"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. எது எங்க நடந்தாலும் பக்கத்துல இருக்கிற பெரிய ஊர் பேரைப் போட்டு அருகேன்னு எழுதிடுவோம். ஆரம்பாக்கத்துல மாடு கிணத்துல விழுந்தாலும் கும்மிடிப்பூண்டி அருகே, ஏரிக்கரையில லாரி கவுந்தாலும் கும்மிடிப்பூண்டி அருகே. சென்னையில உக்காந்து படிக்கிறவனுக்கு அது போதும். இங்க இருக்கிறவங்களுக்குப் போதாது. இதுக்காக நான் ஆபீஸ்ல எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கேன். ஒரு தினசரிக்கு பகுதி நேர நிருபர்தான் நான். வாங்குற சம்பளத்துக்கு இவ்ளோ வாய் ஆகாதுன்னு எனக்கே தெரியும்.

அன்னிக்குக் காலையில ஒன்பதே கால் இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நாஷ்டா சாப்பிட்டுக்கினு இருந்தேன். கடை டிவியில கீழ ஓடுச்சு: கும்மிடிப்பூண்டி அருகே உருக்காலையில பாய்லர் வெடிச்சு ரெண்டு தொழிலாளர்கள் படுகாயம். அதைப் பாத்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. இங்க ஸ்கிராப்பை உருக்குற ஆலையில பாய்லர் எங்க இருக்கு? கரெண்டுல ஓடுற பர்னஸ் அது. ஈர ஸ்கிராப்போ, வாய் மூடின டப்பாவோ உள்ள போனா கொதிக்கிற இரும்பு மேல தூக்கி அடிக்கும். எது வெடிச்சாலும் பாய்லர்னு போடுறது எங்க ஆளுங்க வழக்கம். என்ன வெடிச்சதுன்னு தெரியாதவன் எங்க வெடிச்சதுன்னு மட்டும் சரியா சொல்லுவானான்னு நெனச்சேன்.

இட்லியை முடிக்கலை, ஆபீஸ்ல இருந்து போன். "கம்பெனி பேரு கெடச்சிருச்சு. அவங்களுக்கு ரெண்டு யூனிட் இருக்காம். எந்த யூனிட்னு உறுதி பண்ணுங்க, அதுக்கு முன்னாடி போட மாட்டோம்."

அதை வெச்ச உடனே எங்க அக்கா. ஆரம்பாக்கத்துல இருக்கா. எங்க மாமா, அவ ஊட்டுக்காரர், அதே கம்பெனியில காண்ட்ராக்ட்ல வேலை செய்றவர். பத்து வருசமா பர்னஸ் கிட்டதான் நிக்கிறார்.

"தம்பி, டிவியில இன்னாவோ சொல்றானுங்களே. எதுடா?"

"ஒண்ணா ரெண்டான்னுதான்கா நானும் பாத்துக்கினு இருக்கேன்."

"போன் எடுக்க மாட்றாரு."

எடுக்க மாட்டார். போனை கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவாங்க, ஷிப்ட் முடிஞ்சுதான் கொடுப்பாங்க. அது அவளுக்கும் தெரியும். மாமா சிப்காட்டுக்கு உள்ள இருக்கிற யூனிட் ஒண்ணுல வேலை செய்றார். ரெண்டாவது யூனிட் வெளிய, ஆரம்பாக்கம் போற வழியில பிரிஞ்சு உள்ள போகணும். "நான் கேட்டாண்ட போறேன்"னு சொன்னா. செருப்பைத் தேடுற சத்தம்கூட போன்ல கேட்டுச்சு. "இருக்கா, அரை மணி நேரம் கொடு"ன்னேன்.

நிருபர்கள் வாட்ஸப் குரூப்பைத் திறந்தேன். எட்டு பேர் யூனிட் ஒண்ணுன்னு போட்டிருந்தாங்க. எட்டு பேரும் ஒரே எழுத்துப் பிழையோட. ஒரு சேனல்காரன் போட்டதை மத்தவன் எல்லாம் அப்படியே தூக்கிப் போட்டிருக்கான். எட்டு பேர் சொன்னாலும் அது ஒருத்தன் சொன்னதுதான். அந்த ஒருத்தனுக்குப் போன் போட்டேன். "எனக்கு ஒரு பார்ட்டி சொன்னாம்பா, நீயே பாத்துக்க"ன்னு வெச்சுட்டான். ஏற்கெனவே யூனிட் ஒண்ணு ஆளுங்களோட ஊட்டு நம்பரை எல்லாம் குரூப்புல தேடிக்கினு இருந்தாங்க, அழுகையைப் பதிவு பண்ண.

குரூப்புல ரெண்டு வீடியோ இருந்துச்சு. ஒண்ணு பழசு, போன வருசமே வேற எங்கயோ நடந்ததுன்னு சுத்தினது. இன்னொண்ணு இருபது செகண்டு. நீல ஷீட் ஷெட்டு, புகை, ஓடுற ஆளுங்க. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ஆந்திரா நம்பர் லாரி ஒண்ணு நிக்குது. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஸ்கிராப் லாரி எல்லா ஊர்ல இருந்தும் வரும். ஆளுங்க நிழல் ஷெட்டைப் பாத்து விழுந்திருக்கு. காலை வெயில், சூரியன் கிழக்க. அப்போ வீடியோ எடுத்தவன் மேற்க பாத்து நிக்கிறான். அவனுக்கு இடது கைப்பக்கம் கால் வெச்ச வட்டத் தண்ணி டேங்கு. அது தெற்கு. வலது கைப்பக்கம் சிவப்பு வெள்ளை செல்போன் டவர். அது வடக்கு.

மேப்ல ரெண்டு யூனிட்டையும் மேல இருந்து பாத்தேன். யூனிட் ஒண்ணுல டவரே தெற்க இருக்கு, டேங்கு இல்ல. யூனிட் ரெண்டுல டேங்கு தெற்க, டவர் வடக்க. ஒத்துப்போச்சு. ஆனா மேல இருந்து எடுத்த படம் எந்த வருசத்துதுன்னு சொல்ல முடியாது, நடுவுல எதையாவது இடிச்சோ கட்டியோ இருந்தா? போன மாசம் புகை தாங்கலன்னு ஜனங்க ரெண்டாவது யூனிட் கேட்டுல போராட்டம்னு உக்காந்தப்போ நான் எடுத்த போட்டோ போன்லயே இருந்துச்சு. அதுலயும் அதே டேங்கு, அதே டவர்.

படம் மட்டும் போதாது. தீயணைப்பு நிலையத்துக்குப் போட்டேன். வண்டி எங்க போச்சுன்னு அவங்க எழுதி வெச்சிருப்பாங்க. "ரெண்டாவது யூனிட் சார், வெளிய இருக்கே அது." நான் ரெண்டுன்னு வாயைத் திறக்கவே இல்ல, அவங்களா சொன்னாங்க. அப்படித்தான் கேக்கணும். நாமளே சொல்லிட்டுக் கேட்டா ஆமான்னு தலையாட்டிடுவாங்க.

அப்புறம் ஆம்புலன்ஸ்ல கூடப் போற மருத்துவ உதவியாளர். பழக்கமானவர், அவரோட சொந்த நம்பர் என்கிட்ட இருந்துச்சு. ரெண்டு பேரையும் ஜி.எச்.ல எறக்கிட்டு நின்னுக்கினு இருந்தார். "எங்கண்ணே தூக்குனீங்க?"

"கேட்டுக்கு உள்ள போனதும் லாரி எடை போடுற மேடை இருக்கும்பா, அதைத் தாண்டி."

வீடியோவுல ஓரமா எடை மேடை தெரிஞ்சுது. யூனிட் ஒண்ணுல அது கேட்டுக்கு வெளியில இருக்கு.

"ஆளுங்க யாருண்ணே?"

"ஒருத்தன் இந்திக்காரப் பையன். இன்னொருத்தர் நம்ம ஆளு. பேரு ஜி.எச்.ல எழுதுவாங்க, நான் கேக்கல. மெட்ராஸுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க, கெளம்பணும்."

நம்ம ஆளுன்னு அவர் சொன்னது காதுல விழுந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. பேரை போலீஸ் குடுப்பாங்க, அது மத்தியானத்து வேலை. இப்போ எனக்கு வேண்டியது இடம்.

ஆபீஸுக்கு அனுப்பினேன்: யூனிட் ரெண்டு, இடம் உறுதி. அப்புறம் அக்காவுக்குப் போட்டேன். மணி பத்தரை.

"அக்கா, வெடிச்சது ரெண்டு. மாமா இருக்கிறது ஒண்ணு."

"நல்லா தெரியுமாடா?"

"நாலு பக்கம் ஒத்துப் பாத்துட்டேன்கா. நீ எங்கயும் போவாத. சேனல்காரனுங்க ஊட்டு நம்பர் தேடிக்கினு இருக்கானுங்க. தெரியாத நம்பர் வந்தா எடுக்காத, பேஜாரு பண்ணுவானுங்க."

"சரிடா"ன்னு சொல்லி மூச்சு விட்டா. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. யாரோ ரெண்டு பேர் வெந்து கெடக்கும்போது சந்தோஷமா இருந்துச்சுன்னு சொல்றது அசிங்கம்தான், ஆனா இருந்துச்சு. இன்னொரு டீ குடிச்சேன்.

ரெண்டு மணிக்கு காண்ட்ராக்டரும் இன்னும் ரெண்டு பேரும் அக்கா ஊட்டு வாசல்ல வந்து நின்னாங்க. ரெண்டாவது யூனிட்ல அன்னிக்கு ஆள் கொறச்சல். காலையில யூனிட் ஒண்ணுல இருந்து மாமாவோட சேத்து மூணு பேரை வேன்ல ஏத்தி அங்க எறக்கியிருக்கான். ரிஜிஸ்டர்ல கையெழுத்து ஒண்ணுலயே கெடக்கு. இது இங்க வாரத்துக்கு ரெண்டு நாள் நடக்குறதுதான். மாமாவே என்கிட்ட எத்தனையோ முறை சலிச்சுக்கினு இருக்கார். நான் அதைச் செய்தியாவே ஒருமுறை எழுதியிருக்கேன். அன்னிக்கு அது என் புத்தியில வரல. இடத்தைப் பாக்குறதுலயே இருந்துட்டேன்.

மெட்ராஸ் போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை ஒழுங்கா சொல்ல வராது. பெரியாஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டேன். ஒரு பெஞ்சுல உக்காந்தேன். யாரோ தண்ணி கொடுத்தாங்க, குடிச்சேன். அழுகை வரல. மறுநாள் ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்துச்சு: எல்லாரும் இடத்தைத் தப்பாப் போட்டாங்க, நாம மட்டும்தான் சரி. செத்தவர் எனக்கு யாருன்னு அவங்களுக்கு அப்போ தெரியாது. நன்றின்னு பதில் போட்டேன். கை அதுபாட்டுக்கு அடிச்சுது.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல. திட்டியிருந்தா வாங்கிக்கினு இருப்பேன். காரியம் எல்லாம் முடிஞ்சு ஒரு காலையில போனைக் கொண்டாந்து என் கையில கொடுத்தா. "இது யாருன்னு பாரு. நீ எடுக்காதன்னு சொன்ன இல்ல, அதான் எடுக்கல." குத்திக் காட்டுற மாதிரி சொல்லல. நெஜமாவே யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டா.

அந்த நாளு. பத்து அம்பது, பத்து அம்பத்தி நாலு. பேர் இல்லாத ஒரே நம்பர், ரெண்டு மிஸ்டு கால். என் போன்ல அந்த நம்பரைப் போட்டேன். பேரோட வந்துச்சு. ஆம்புலன்ஸ் அண்ணன்.

வெளிய போய்ப் பேசினேன். செத்தவர் எங்க மாமான்னு அவருக்கு அப்போதான் தெரிஞ்சுது. "அவருதாம்பா நம்பர் சொன்னாரு. ஒவ்வொண்ணா, தெளிவா சொன்னாரு. ஊட்ல பேசணும்னாரு. ரிங் போச்சு, எடுக்கல. ரெட்ஹில்ஸ் வரைக்கும் முழிச்சுக்கினுதான் இருந்தாரு."

உள்ள வந்தேன். அக்கா தரையில உக்காந்துக்கினு இருந்தா. "யாருடா?"

பொய் சொல்லத் தோணல. மாமான்னு சொன்னேன். யார் போன்ல இருந்து, எப்போ, எங்க இருந்துன்னு எல்லாத்தையும் சொன்னேன்.

"போன் கையிலதான்டா இருந்துச்சு"ன்னா. "அடிக்கிறதைப் பாத்துக்கினே இருந்தேன்."