படத்துக்குக் கீழே பேர் இல்லை

லிந்துலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கும் கணினி எட்டிப்பார்த்த காலம். நான் ஒரு பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். என் மகன் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு.

பழைய மாணவர் ஒருவர் இணையத்தில் பாடசாலைக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, வகுப்புப் படத்தைப் போட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கீழே முழுப்பெயர், பிறந்த தேதி, குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் இலக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பாடசாலை அதிபர் அதைப் பார்த்த அன்றே நீக்கச் சொன்னார். பிறகு எல்லா வீடுகளுக்கும் கடிதம் அனுப்பினார். பெற்றோர் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே பிள்ளையின் படம் இணையத்துக்குப் போகும். பிறந்த தேதி, முகவரி, பரீட்சைப் புள்ளிகள் எதுவும் வெளியிடப்படா. சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். படத்துக்குக் கீழே பேர் போடப்படமாட்டாது.

கடைசி வரிதான் லயங்களைக் கலக்கியது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்தார். மனைவி குவைத்தில் வீட்டுவேலை செய்கிறவர்.

"பேரு போட மாட்டீங்கன்னா, புள்ள இஸ்கூலுக்கு வந்தது கணக்கில்லையா சேர்?"

"அரைப்பேராவது போடுங்க சேர்!" என்றார் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர். கூடமே சிரித்தது.

அதிபருக்கு எதுவும் புரியவில்லை. நான் விளக்கியதும் அவரும் சிரித்துவிட்டார். "ஐயோ, நான் பிள்ளையின்ர பெயரைத்தான் சொன்னனான். வரவு எப்பவும் போலப் பதிவாகும்."

தகப்பன் உட்காரவில்லை.

"அதுவும் சிக்கல்தாங்க. அவ போய் மூணு வருசமாச்சு. அங்க எசமான் மக கம்பியூட்டர்ல அந்தப் பக்கத்தக் காட்டும். பேர வாசிச்சுத்தான் இது நம்ம புள்ளன்னு அடையாளம் கண்டா. பேரில்லாட்டி எப்படிங்க தெரியும்?"



அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெயரை ஊர் உலகம் பார்க்க விட ஏலாது. ஆனா பிள்ளை எந்த வரிசையில, எத்தனையாவது ஆள் எண்டு நீங்கள் அம்மாவுக்குப் போனில சொல்லலாம்தானே? அது உங்கட வீட்டுக் கதை."

தகப்பன் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரம் இரண்டு படங்கள் எடுத்தார்கள். வகுப்புச் சுவருக்கு எல்லாப் பிள்ளைகளும், இணையத்துக்குச் சம்மதம் கிடைத்தவர்கள் மட்டும். என் மகன் இரண்டிலும் கண்ணை மூடியிருந்தான்.

பிறகொரு நாள் பஸ் தரிப்பிடத்தில் அந்தத் தகப்பனைச் சந்தித்தேன். போனில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"சொல்ல எங்க விட்டா? 'ரெண்டாவது வரிசை'ன்னு ஆரம்பிச்சேன். 'வாய மூடுங்க, நானே பாத்துக்கிறேன்'னுட்டா."

"கண்டுபிடிச்சாங்களா?"

"போன வச்சுக்கிட்டே கம்பியூட்டர்ல படத்தப் பாத்தா. அப்புறம் கேக்குறா, 'கழுத்த என்னைய மாதிரியே சாச்சிக்கிட்டு நிக்க யாரு சொல்லிக் குடுத்தா?'ன்னு."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பிள்ளை எந்தப் பக்கம் சாய்த்து நின்றது என்று எனக்குக் கழுத்தைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார்.