நாற்பது ஊமைப் போர்டுகள்

பொம்மசந்திரா ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டுகளின் சிப்புகளுக்குப் புரோகிராம் ஏற்றுவது ஜூடித்தின் வேலை. சிப் எப்படி ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஃபியூஸ் பிட் மாறினால், முதலில் ஒரே போர்டில் எழுதி, பவரை நிறுத்தி மறுபடி போட்டு, திரும்பப் படித்துப் பார்ப்பாள்.

2004இல் ஒருநாள் மட்டும் பார்க்கவில்லை. "நான் டெஸ்ட் பண்ணிட்டேன், போடு ஜூடி," என்று ஃபைலைத் தந்தவன் பத்து வருடச் சிநேகிதன் க்ளென்.

நாற்பது போர்டுகளில் எழுதும்போது எல்லாம் சரியாகவே தெரிந்தது. பிறகு பவரை நிறுத்தி மறுபடி போட்டதும் நாற்பதும் ஊமை. சிப்பை ஓட்டும் துடிப்பைத் தருகிற கிரிஸ்டலே இல்லாத போர்டை, வெளிக் கிரிஸ்டலின் துடிப்பில் ஓடச் சொல்லியிருந்தது அந்த ஃபைல்.

"அவதான் தப்பா போட்டுட்டா சார்," என்றான் க்ளென், மேனேஜரிடம்.

ஜூடித் ஒவ்வொரு சிப்புக்கும் வெளியிலிருந்து துடிப்பு கொடுத்து எழுப்பி, பிட்டைத் திருத்தினாள்.

மறுவாரம் க்ளென் புது ஃபைலோடு வந்தான். "டெஸ்ட் பண்ணிட்டேன்."

அவள் அவன் கண்ணெதிரே ஒரே ஒரு போர்டை எடுத்தாள்.