மின்விசிறி கேட்காத பதிவு

நாராயணம்மாவுக்குப் பயம் வந்தால் வாய் ஓயும், கை வேகமாகும். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் கரியப்பனின் வாயைத் துடைத்தாள், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினாள்.

ஓசூரில் அந்த வீட்டுக்கு அவள் பராமரிப்பு வேலைக்கு வந்து நான்கு மாதம். பாகலூர்க்காரி. பதினோரு வருடம் பூப்பண்ணையில் ரோஜா அறுத்தவள். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் நோயாளி பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். கிருஷ்ணகிரியில் ஞாயிறுதோறும் வகுப்பு. வேகமாக எழுத வராது என்பதால் போனைப் பெஞ்சில் வைத்துப் பாடத்தைப் பதிவு செய்துகொள்வாள். வேலை செய்துகொண்டே கேட்கட்டும் என்று மகள் காவியா ஒயர் இல்லாத இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தாள். பத்து நாளாக அதில் ஒன்று எப்போதும் அவள் காதில்.

கரியப்பனுக்குப் பக்கவாதம். விழுங்குவதில் சிரமம். சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் தினமும் சாப்பிட்ட பிறகு மூச்சுச் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்து, ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்வாதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

மூன்று நாளாக அவர் நெஞ்சில் ஈரமான கரகரப்பு. மூன்று நாளும் போனை அவர் தொண்டையருகே பிடித்துப் பதிவு செய்து அனுப்பினாள். மூன்று நாளும் ஒரே பதில்: "சத்தம் ஒண்ணும் இல்லையே. நல்லாத்தான் இருக்கு."

அன்று மதியம் போன் செய்தாள்.

"சிஸ்டர், எனக்கு நல்லா கேக்குது. விரல் மிஷின் தொண்ணூத்தி மூணு காட்டுது. நேத்து தொண்ணூத்தி அஞ்சு."

"கை ஜில்லுன்னு இருந்தா கம்மியாத்தான் காட்டும். காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"போன மாசம் மாதிரி பண்ணாதம்மா. இன்னொரு தடவ எடுத்து அனுப்பு."

போன மாதம் வெறும் சளிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டுவிட்டாள். கரியப்பனின் மகன் அசோக்குமார் ஷிஃப்டைப் பாதியில் விட்டு ஓடி வந்தான். "நெஜமா முடியலன்னா மட்டும் கூப்புடுக்கா" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், அதுதான் அதிகம் உறைத்தது. இப்போது அவன் போன் தொழிற்சாலை லாக்கரில். நான்கு மணி வரை எடுக்க மாட்டான்.

தன் காதுதான் பொய் சொல்கிறதா? இந்தக் கரகரப்பைப் பற்றிப் போன ஞாயிறு வகுப்பில் சார் ஏதோ சொன்னாரே என்று அந்தப் பதிவைப் போட்டாள். சார் தண்ணீர்க் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. சொற்கள் தேய்ந்து, நடுநடுவே அறுந்து போயின. பதறிப்போய் அதற்கு முந்தைய மாதத்துப் பதிவைப் போட்டாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவு. பின்னால் வகுப்பறை மின்விசிறி கிறீச் கிறீச் என்றது.

அதே அறை, அதே பெஞ்சு, அதே மின்விசிறி. போன வாரப் பதிவில் மட்டும் மின்விசிறியே இல்லை. போன வாரம் காதில் இந்த இயர்பட் இருந்தது.

அவள் கை காதுக்குப் போனது.

போனை எங்கே பிடித்தாலும், இயர்பட்ஸ் இணைப்பில் இருந்தால் அதன் மைக் வழியாகவே போன் பதிவு செய்யக்கூடும். அந்த மைக் அவள் காதில், அவர் தொண்டையிலிருந்து இரண்டடி தள்ளி. பாட்டுக் கேட்கும்போது அகலமாக இருக்கும் ஒயரில்லாத பாதை, மைக் திறந்ததும் போன் பேசுவதற்கான குறுகிய பாதையாகிவிடும். நுண்ணிய ஒலிகள் வெட்டுப்படும். போதாததற்கு, பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று அது துடைத்துவிடும். மின்விசிறியைத் துடைத்தது போல மூச்சையும் துடைத்திருந்தது.

காதில் இருந்ததைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள். இணைப்பு போய்விட்டதா என்று பார்த்தாள். போனின் அடிப்பக்கத்தைக் கரியப்பனின் தொண்டையருகே பிடித்தாள். அரை நிமிடம். அனுப்புமுன் போட்டுக் கேட்டாள். பானைக்குள் கஞ்சி கொதிப்பது போல் இருந்தது. தான் சரியாகத்தான் கேட்டோம் என்று தெரிந்ததும் பயம் குறையவில்லை, கூடியது. மூன்று நாள் போய்விட்டதே.

அனுப்பிய ஒரு நிமிடத்தில் ஸ்வாதி அழைத்தாள்.

"இது இப்ப எடுத்ததா?"

"இப்பத்தான் சிஸ்டர்."

"உக்கார வச்சே இரு. வாய்ல ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாத. வண்டி அனுப்பறேன்." பிறகு, "முன்ன அனுப்புனதுல ஏன் இந்தச் சத்தம் இல்ல?" என்றாள்.

"என் காதுல மாட்டியிருந்த மைக் எடுத்தது சிஸ்டர். போனோட மைக் எடுக்கல."

வலது நுரையீரலில் நிமோனியா. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலேயே அது வருவதுண்டு. பதினோரு நாள் ஆக்சிஜனோடு கிடந்தார். முதல் நான்கு நாள் யாரும் எந்த உறுதியும் சொல்லவில்லை. அசோக்குமார் ஒருமுறைகூடக் கடிந்து பேசவில்லை. நாராயணம்மா வராந்தாவில் உட்கார்ந்து அந்த மூன்று பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒன்றிலும் மூச்சு இல்லை.

கரியப்பன் இளைத்துப்போய் வீடு திரும்பினார். இப்போது பதிவு செய்யும்போது இயர்பட்ஸ் டப்பா அடுப்படியில் இருக்கும். பதிவைப் போட்டுக் கேட்டு, வீட்டு மின்விசிறி கேட்டால்தான் அனுப்புவாள். அனுப்பிய பிறகும் குனிந்து அவர் நெஞ்சில் காதை வைப்பாள்.

"இன்னாம்மா," என்பார் அவர், கோணிய வாயால். "மூச்சு ஓடுதா?"

"பேசாதீங்கண்ணா," என்பாள். "இன்னொரு வாட்டி கேக்கணும்."