பின்னால் இருந்த பெட்டியின் எண்

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டபோது பெட்டி ஏதோ சரிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். பார்சல் கிடங்கில் நாளெல்லாம் எதுவாவது விழுந்துகொண்டே இருக்கும். அடுத்து ஒரு மனிதன் அலறினான். லாரியில் சுமை இறக்குகிற நெட்டையின் குரல். அதற்கு மேலே அவளுடைய தம்பியின் குரல்: "எங்கடா வச்சிருக்க? சொல்றியா, இல்ல பல்லக் கழட்டட்டுமா?"

கிடங்கில் எல்லோரும் அவளைக் 'கோடு அக்கா' என்பார்கள். லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கியதும் சுமை இறக்குகிறவர்கள் அவரவர் இடத்திலேயே கேமராவில் படம் எடுத்துவிடுவார்கள். கேமராவில் இருந்த மெமரி அட்டை அவள் மேசைக்கு வரும். அதிலிருக்கிற படங்களுக்குக் கேமரா தானாக வைத்த ஏதோ ஒரு பெயர்தான் இருக்கும்; அதை வைத்து எந்தப் படம் எந்தப் பெட்டியுடையது என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் ஒவ்வொரு படத்தையும் நகலெடுத்து, அதில் தெரிகிற பார்கோடைப் படித்து, கிடைத்த எண்ணையே அந்த நகலுக்குப் பெயராக வைத்துவிடும். பிறகு யாராவது புகார் சொன்னால் எண்ணைத் தட்டினால் போதும், படம் வந்து நிற்கும். லேபிள் நனைந்திருந்தாலோ கசங்கியிருந்தாலோ புரோகிராம் கையை விரித்துவிடும். அந்தப் படங்களை இவள் பெரிதாக்கி, கோடுகளுக்குக் கீழே அச்சடித்திருக்கிற எண்ணைப் பார்த்துக் கையாலேயே தட்டுவாள்.

கிடங்கின் காவலுக்குத் தலைவன் அவளுடைய தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கைதான் முதலில் பேசும். தெருச் சண்டையில் யாருடைய மூக்கையாவது உடைத்துவிட்டு வருவான். அக்காக்காரி போய் மன்னிப்புக் கேட்பாள். சீருடை போட்டால் திருந்துவான் என்று நம்பினாள். சீருடை போட்ட பிறகு அடித்தால் கேட்பாரில்லை என்றுதான் ஆயிற்று.

அன்று காலையில் விலை உயர்ந்த செல்போன்கள் இருந்த ஒரு பெட்டி, விலை கூடிய சரக்கைப் பூட்டி வைக்கிற கம்பிவலை அறையில் காலியாகக் கிடந்தது. மேனேஜர் எண்ணைச் சொன்னார், அவள் தட்டினாள், படம் வந்தது. பக்கவாட்டில் கிழிந்த ஒரு பெட்டி. எடுத்த இடம், நெட்டை நிற்கிற மூலை. வேறு வேலை தலைக்கு மேல் இருந்ததால் அவள் சரியாகக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் தம்பி நெட்டையை இழுத்துப் போயிருந்தான்.

மறுபடி ஓர் அலறல். அவள் அந்தப் படத்தைத் திறந்து, திரை நிறையப் பெரிதாக்கினாள்.

கிழிந்த பெட்டி முழுக்க பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. மேலே எரிந்த விளக்கு அதில் பட்டு, லேபிளின் மேல் வெள்ளையாக ஒரு பட்டை அடித்திருந்தது. கோடு ஒன்றும் தெரியவில்லை. பிறகு எப்படிப் புரோகிராம் எண்ணைப் படித்தது? படத்தில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு பெட்டி நின்றது. அதன் லேபிள் நேராக, பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே இருந்த எண்ணை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். படத்துக்கு வைத்திருந்த பெயர் அதுதான்.

முன்னால் இருந்ததைப் படிக்க முடியாத புரோகிராம், கண்ணில் பட்ட கோடைப் படித்துப் பெயர் வைத்துவிட்டது. காலியான பெட்டி பின்னால் நின்ற அந்தப் பெட்டி. படத்தில் அது முழுசாக, டேப் கூடப் பிரியாமல் இருந்தது. நெட்டையின் மூலையைத் தாண்டி அது நேராகப் போன இடம் கம்பிவலை அறை. அந்த அறையின் சாவி காவல் தலைவன் ஒருவனிடம்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து கேமரா அட்டையை உருவித் தன் செருப்புக்குள் செருகிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று பின்னாளில் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

காவல் அறையில் நெட்டை தரையில் கிடந்தான். ஒரு கண் இருந்த இடத்தில் வீங்கிய சதைதான் தெரிந்தது. தம்பி கையில் இரும்புத் தடி.

"நிறுத்துடா! கிழிஞ்ச பெட்டி வேற, காலியான பெட்டி வேற. பின்னாடி இருந்ததோட நம்பரை எடுத்து இதுக்கு வச்சிருக்கு. இவர் ஒண்ணும் பண்ணல."

தம்பி நெட்டையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தான். "இத யார்கிட்டயாவது சொன்னியா?"

அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அடப்பாவி, நீயா?"

அவன் அவள் முடியைப் பிடித்து அவளுடைய அறைக்கே இழுத்து வந்தான். "அழிச்சிடு அக்கா. ஒரு படம்தான. எவனுக்கும் தெரியாது."

"அவர் கண்ணு போச்சுடா!"

"அழின்னு சொல்றேன்ல!"

"மாட்டேன்."

அவள் வலது கையைப் பிடித்து, திறந்திருந்த இரும்பு இழுப்பறையின் விளிம்பில் வைத்து, காலால் ஓங்கி உதைத்து மூடினான். விரல்கள் முறிகிற சத்தத்தை அவள் கேட்டாள். வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அவள் சுருண்டு விழுந்தபோது அவன் கம்ப்யூட்டரைத் தடியால் நொறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடித் துண்டுகள் அவள் மேல் தெறித்தன. செருப்புக்குள் கால்விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டாள்.

இதற்குள் நெட்டை தவழ்ந்தே லாரி நிற்கிற இடத்துக்குப் போய்விட்டான். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி அடுக்குகிற மரச்சட்டங்களைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். முதல் சட்டம் தம்பியின் தோளில் விழுந்தது, அடுத்தது முட்டியில். தடி நழுவியது. கீழே விழுந்தவனை விடவில்லை. ஆணி நீட்டிக்கொண்டிருந்த ஒரு சட்டம் அவன் முதுகைக் கிழித்தது. அவன் "அம்மா" என்று கத்தினான். பிறகு கத்தவும் இல்லை.

அவள் முறிந்த கையோடு போய் அவன் மேல் கவிழ்ந்து படுத்தாள். அவள் முதுகிலும் ஓர் அடி இறங்கியது.

"அடிங்க! என்னையும் சேத்தே கொன்னு போடுங்க!"

"விடுங்கடா," என்று வாசலில் சாய்ந்து நின்ற நெட்டை சொன்னான். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. "அந்தப் பொண்ணு கீழ கிடக்குதுடா. விடுங்க."

கை ஓங்கியவர்கள் நின்றார்கள். ஒருவன் சட்டத்தை எறிந்துவிட்டு அழுதான்.

போலீஸ் வந்ததும் அவள் செருப்பைக் கழற்றினாள். கம்ப்யூட்டரில் தப்பான பெயர் விழுந்ததும் அதோடு உடைந்துபோனதும் நகல்தான்; கேமரா எடுத்த படம் அட்டையில் அப்படியே இருந்தது. செல்போன்கள் தம்பியின் நண்பன் வீட்டுக் கட்டிலடியில் கிடைத்தன. தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சிறைக்குப் போனான். அடித்தவர்களில் மூவர் மேலும் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கிலும் சாட்சி சொல்ல அவள்தான் போனாள். நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

அம்மா அவளோடு பேசுவதை விட்டுவிட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள்: "கூடப் பொறந்தவனைக் காட்டிக் கொடுத்தவளுக்குச் சோறு எப்படித்தான் எறங்குதோ."

"எறங்கலம்மா," என்றாள் ஒருநாள். அதற்குப் பிறகு அம்மா சுவரிடமும் சொல்லவில்லை.

நெட்டைக்கு ஒரு கண் போனது போனதுதான். அவளுக்கு இரண்டு விரல்கள் மடங்காது. படித்த கோடு படத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தாலும், ஒன்றுக்கு மேல் இருந்தாலும், ஒன்றும் தெரியாவிட்டாலும் பேர் வைக்காமல் தனியே ஒதுக்கும்படி புரோகிராமை மாற்றச் சொன்னாள், மாற்றினார்கள். ஒதுக்கியவற்றைத் தினமும் இடது கையால் திறந்து பார்க்கிறாள்.

மூன்று முறை சிறைக்குப் போனாள். முதல் இரண்டு முறையும் தம்பி வர மறுத்துவிட்டான். மூன்றாம் முறை நொண்டிக்கொண்டே வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். வெகுநேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா?" என்றான்.

"குளிர்ல வலிக்கும். உனக்கு?"

"முட்டி." அவ்வளவுதான் சொன்னான். மணி அடித்ததும் எழுந்து போனான். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு திருப்பத்தைக் கடக்கிறவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பஸ் பிடித்து வேலைக்குப் போனாள்.